பச்சைக்கு நடுவே கருப்பு

கேள்வி: டாக்டர் மேடம், நான் ஒரு சிற்றூர்ப் பார்வை மையத்தில் கண் மருத்துவ உதவியாளர். கரும்புத் தோகை கீறி வந்த 52 வயது விவசாயிக்கு ஸ்லிட் லேம்பில் சாயம் போட்டு, போனில் படம் எடுத்துத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் நாளைவிட மூன்றாம் நாள் பச்சை பெரிதாக இருந்தது. பயந்துபோய்ச் சொன்னேன், "பரவாயில்லை, அதே மருந்து போகட்டும்" என்றார்கள். பன்னிரண்டாம் நாள் பச்சையின் நடுவில் கருப்பாகத் தெரிந்தது. ஆற ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதினேன். "உடனே வண்டி ஏற்றி அனுப்பு" என்று போன் வந்தது. அங்கே கருவிழியின் அந்த இடத்தைப் பசையால் அடைத்து, மேலே லென்ஸும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் நான் படித்தது தலைகீழ். இந்தப் படத்தை எப்படித்தான் படிப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய நாலு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று நீல வெளிச்சப் படங்கள், முதல் நாள் எடுத்த ஒரு வெள்ளை வெளிச்சப் படம். அந்த ஒற்றை வெள்ளைப் படம் இருந்ததால்தான் என்னால் பதில் எழுத முடிகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அந்தப் பச்சை என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஃபுளோரசின் தண்ணீரில் கரைகிற சாயம். கருவிழியின் மேல்தோல், நாம் எபிதீலியம் என்கிறோமே, சுமார் 50 மைக்ரான் கனம்தான். ஆனால் அதன் செல்கள் நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும், அந்தச் செல்களின் சவ்வும் கொழுப்பால் ஆனது. தண்ணீர்ச் சாயம் அதற்குள் நுழையாது, கண்ணீரோடு வழிந்துவிடும். தோல் போன இடத்தில் கீழேயுள்ள ஸ்ட்ரோமா தண்ணீரை இழுக்கும் நாரடுக்கு. சாயத்தை அப்படியே குடித்துக்கொள்ளும். நீல வெளிச்சம் பட்டதும் அந்த இடம் பச்சையாக ஒளிரும். ஆக, பச்சை சொல்வது ஒரே ஒரு சேதிதான்: இங்கே மேல்தோல் இல்லை. கிருமி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, மருந்து வேலை செய்கிறதா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்காது. நீங்கள் இரண்டு தடவையும் சறுக்கியது இந்த இடத்தில்தான். பச்சையின் அளவையே நோயின் அளவாக எடுத்துக்கொண்டீர்கள்.

மூன்றாம் நாள் படத்துக்கு வருகிறேன். முதல் நாள் படத்தில் பச்சைத் திட்டு நீளவாக்கில் 300 பிக்சல், மூன்றாம் நாள் 460. கண்ணால் பார்த்தால் ஒன்றரை மடங்கு. ஆனால் இரண்டு படமும் ஒரே தூரத்தில் எடுத்தவை இல்லை. கருவிழியின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை அளந்தேன்: முதல் படத்தில் 1,150 பிக்சல், மூன்றாம் நாள் 1,280. போனைக் கொஞ்சம் ஜூம் செய்திருக்கிறீர்கள். பெரியவர்களின் கருவிழி குறுக்காகச் சுமார் 11.5 மி.மீ. இருக்கும். அதையே அடிக்கோலாக வைத்தால் முதல் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 100 பிக்சல், மூன்றாம் நாள் படத்தில் 111. அப்படியானால் முதல் நாள் புண் 3 மி.மீ.க்கு 2.4 மி.மீ., மூன்றாம் நாள் சுமார் 4.1க்கு 3.6. இந்த மனிதரின் கருவிழி சரியாக 11.5 இல்லாமல் 12 ஆக இருந்தாலும் பிழை இரண்டு படத்திலும் ஒன்றே என்பதால் ஒப்பிடுவதில் தப்பு வராது. நோயாளி பார்வையைத் திருப்பியிருந்தால்தான் கணக்கு கெடும், வட்டம் நீள்வட்டமாகச் சுருங்கிவிடும். அதனால் கண்மணி நடுவில் இருக்கும் படத்தை மட்டும் அளவிடுங்கள். எப்போதும் மிக நீளமான அளவை முதலில் எடுத்து, அதற்குச் செங்குத்தாக இரண்டாவதை எடுக்க வேண்டும். ஸ்லிட் லேம்பிலேயே ஒளிக்கீற்றின் உயரத்தை மி.மீ.யில் காட்டும் அளவு இருந்தால், நேரில் அளந்து குறித்து வைப்பதே இன்னும் நல்லது.

சரி, ஜூமைக் கழித்த பிறகும் புண் வளர்ந்துதான் இருக்கிறது. இங்கேதான் உங்கள் வெள்ளைப் படம் கைகொடுக்கிறது. அதில் இறகுபோல் பிசிறடித்த ஓரத்தோடு ஒரு வெண்திட்டு தெரிகிறது, 4.2க்கு 3.5 மி.மீ. அதுதான் இன்ஃபில்ட்ரேட், அதாவது கிருமியும் அதை எதிர்க்க வந்த வெள்ளையணுக்களும் ஸ்ட்ரோமாவுக்குள் சேர்ந்த இடம். முதல் நாள் பச்சை 3 மி.மீ., வெண்திட்டு 4.2. நோய் தோலுக்கு அடியில் பச்சையைத் தாண்டிப் பரவியிருந்தது, மேலே தோல் இன்னும் மூடியிருந்தது. முதல் நாளே நோய் பச்சையைவிடப் பெரிது என்பதை இப்போது உங்களால் படிக்க முடிகிறதா?

இரண்டாம் நாள் அவரைத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள், அங்கே புண்ணைச் சுரண்டி ஸ்லைடில் பார்த்தார்கள், பூஞ்சை இழை தெரிந்தது, நாட்டாமைசின் மணிக்கொரு சொட்டு ஆரம்பித்தார்கள் என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். சுரண்டும்போது தளர்ந்த தோலையும் சேர்த்து எடுத்துவிடுவோம். நாட்டாமைசின் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவதற்கு ரொம்பச் சிரமப்படும் மருந்து என்பது அதற்கு ஒரு காரணம். எனவே மூன்றாம் நாள் பச்சை 4.1க்கு 3.6 என்பது, முதல் நாள் வெண்திட்டின் அளவுக்கே தோல் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். டாக்டரின் பிளேடு போன தடம் அது. அவர் பதறாததற்குக் காரணம் இதுவே. அன்று வெள்ளைப் படமும் எடுத்திருந்து வெண்திட்டு 4.2லிருந்து 5 ஆகியிருந்தால், பச்சை அதே அளவில் நின்றிருந்தாலும் அவர் பதறியிருப்பார்.

அந்தப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பச்சையின் ஓரம் கூர்மையாக இல்லை, சுற்றிலும் ஒரு மங்கல் வளையம். சாயம் போட்டு ரொம்ப நேரம் கழித்து எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஸ்ட்ரோமா குடித்த சாயம் நின்ற இடத்தில் நிற்காது, நல்ல தோலுக்கு அடியிலும் பக்கவாட்டில் ஊறிக்கொண்டே போகும். ஐந்து பத்து நிமிடம் விட்டால் புண்ணின் ஓரமே தொலைந்துபோகும். சாயம் தோய்ந்த தாள் ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு சலைன் விட்டு, அதிகப்படியை உதறிவிட்டு, கீழிமையின் உட்புறம் தொட்டு எடுங்கள்; புண்ணில் நேராகத் தேய்க்க வேண்டாம். மெதுவாக இரண்டு மூன்று முறை இமைக்கச் சொல்லி, ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் படத்தை முடித்துவிடுங்கள். வெள்ளை வெளிச்சப் படங்களை எப்போதும் சாயத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சாயம் இறங்கிய பிறகு எடுத்தால் வெண்திட்டும் மஞ்சளேறி, எது சீழ் எது சாயம் என்று யாராலும் சொல்ல முடியாது.

போன் கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டில் பளிச்சென்ற பச்சையைப் பார்த்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பச்சை வெளிறி, விளிம்பு தாண்டிப் பிதுங்கித் தெரியும். திரையில் பச்சையின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். பச்சைக்குள்ளேயே ஏற்ற இறக்கம் தெரிகிற அளவுக்கு. ஸ்லிட் லேம்பில் மஞ்சள் ஃபில்டர் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கேமராவுக்கு முன்னால் ஒரு மஞ்சள் ஃபில்டரைப் பிடித்தாலும் சரி. அது திரும்பி வரும் நீலத்தைத் தடுத்து, சாயம் உமிழும் பச்சையை மட்டும் விடும். ஃபில்டர் இல்லாத உங்கள் படங்களில் வெண்திட்டு நீல வெளிச்சத்தைச் சிதறடித்து வெளிர்நீலமாக நிற்கிறது. அதைப் பச்சையோடு சேர்த்து அளந்துவிட வாய்ப்பு அதிகம்.

இனி பன்னிரண்டாம் நாள் படம். என்னை உட்கார்ந்து எழுத வைத்தது இதுதான். 3.8க்கு 3.4 மி.மீ. பச்சை, அதன் நடுவே 1.5 மி.மீ. அளவில் வட்டமாக ஒரு கருப்பு. பச்சை என்றால் தோல் இல்லை, கருப்பு என்றால் தோல் இருக்கிறது, ஆகவே ஆறுகிறது என்று நினைத்தீர்கள். கணக்காகப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கருவிழியின் தோல் எங்கிருந்து வளர்கிறது என்பதை யோசியுங்கள். அது ஓரத்திலிருந்து நடுவை நோக்கித்தான் நகரும். ஆறுகிற புண்ணில் கருப்பு வெளியிலிருந்து உள்ளே வரும், பச்சை நடுவில் சுருங்கிச் சுருங்கி மிஞ்சும். சுற்றிலும் பச்சையாக இருக்க, நடுவில் மட்டும் தோல் முளைத்திருக்க வேண்டுமென்றால் அது தண்டவாளம் போடாத ஊருக்கு ரயில் வந்த மாதிரி. சுரண்டும்போது நடுவில் ஒரு துண்டுத் தோல் தப்பியிருந்தால் நடக்கலாம். ஆனால் அது மூன்றாம் நாள் படத்திலேயே தெரிந்திருக்கும். அன்றைய படத்தில் நடு முழுக்கப் பச்சை.

அப்படியானால் அந்தக் கருப்பு என்ன? கருவிழியின் கடைசி அடுக்குக்கு முந்தியது டெசிமெட் படலம், சுமார் 10 மைக்ரான். கருவிழி நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகக் கனம் என்றால், அதில் இது எவ்வளவு மெலிது என்று பாருங்கள். ஸ்ட்ரோமா முழுவதும் கரைந்துபோய் இந்தப் படலம் மட்டும் மிஞ்சி, உள்ளேயுள்ள நீரின் அழுத்தத்தில் முன்னால் புடைத்து நிற்பதற்கு டெசிமெட்டோசீல் என்று பெயர். இந்தப் படலம் ஃபுளோரசினைக் குடிக்காது. சுற்றுச் சுவரில் இருக்கும் ஸ்ட்ரோமா குடிக்கும். எனவே பச்சை வளையம், நடுவில் கருப்பு. உங்கள் படத்தில் இருந்தது அதுதான். புண்ணின் மிக மோசமான இடமே மிக நல்ல இடம்போல் தெரிந்திருக்கிறது.

என் பயிற்சிக் காலத்தில் நானும் இதே கருப்பைப் பார்த்து "சென்டர் ஹீலிங்" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். சீனியர் ஒன்றும் பேசாமல் ஸ்லிட் லேம்பை என் பக்கம் திருப்பி, நீல ஃபில்டரைத் தள்ளிவிட்டு, கீற்றை மெலிதாக்கி அந்தக் கருப்பின் மேல் வைத்தார். அவ்வளவுதான்.

அவர் செய்ததைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். பச்சைக்குள் கருப்பைக் கண்டால் ஃபில்டரை எடுத்துவிட்டு, மெல்லிய கீற்றைப் பக்கவாட்டுக் கோணத்தில் விட்டு ஒரு படம் எடுங்கள். நல்ல கருவிழியில் கீற்று ஒரு சீரான கனமுள்ள வில்லாகத் தெரியும். தோல் மூடிய ஆறிய இடத்தில் வில் கொஞ்சம் மெலிந்திருக்கலாம், ஆனால் கனம் இருக்கும், பெரும்பாலும் தழும்பின் வெண்மையும் இருக்கும். டெசிமெட்டோசீலில் சுவர் வரை கனமாக வந்த வில், நடுவில் ஒற்றை நூலாகிவிடும். அந்த நூல் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். இன்னொரு அடையாளம், அந்த இடம் சந்தேகப்படும்படி தெளிவாக இருப்பது. சுற்றிலும் வெள்ளைக் கலங்கலுக்கு நடுவே ஒரு துளை வழியாகப் பார்ப்பதுபோல் உள்ளேயுள்ள ஐரிஸ் துல்லியமாகத் தெரியும். பூஞ்சைப் புண்ணின் நடுவில் திடீரென்று ஒரு கண்ணாடி ஜன்னல் திறந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள்.

எல்லாக் கருப்பும் ஆபத்து என்றும் சொல்ல மாட்டேன். பூஞ்சைப் புண்ணில் நாட்டாமைசின் வெள்ளைக் கட்டியாக மேலே படிந்துவிடும். காய்ந்த அழுக்கும் சளியும் மேடு கட்டும். அந்த மேட்டில் சாயம் நிற்காமல் வழிந்துவிடுவதால் பச்சைக்குள் கருப்புத் தீவுகள் தெரியும். ஆனால் வெள்ளை வெளிச்சத்தில் அவை மேடாக, வெளுப்பாக, கரடுமுரடாக இருக்கும். கீற்று அதன் மேல் ஏறி இறங்கும், நூலாக மெலியாது. சாயம் அளவுக்கு மிஞ்சினாலும் கருப்பு வரும். ஃபுளோரசின் அடர்த்தியாக இருந்தால் ஒளிராது, நீல வெளிச்சத்தில் இருண்ட ஆரஞ்சாகக் கிடக்கும். கண்ணீர் கலந்து நீர்த்தால்தான் பச்சை வரும். இரண்டு முறை இமைக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தால் அந்தக் கருப்பு கரைந்துவிடும். டெசிமெட்டோசீல் இமைத்தாலும் அதே இடத்தில் அதே வட்டமாக நிற்கும்.

சாயம் அடர்த்தியாக இருந்தால் ஒளிராது என்ற அதே குணத்தை வைத்துத்தான் கண் ஓட்டையாகிவிட்டதா என்றும் பார்க்கிறோம், சைடல் டெஸ்ட். நனைத்த ஸ்ட்ரிப்பால் அந்த இடத்தின் மேல் சாயத்தைக் கெட்டியாகப் பூசிவிட்டு, இமைக்க விடாமல் நீல வெளிச்சத்தில் பார்ப்போம். உள்ளிருந்து நீர் கசிந்தால் அது சாயத்தை நீர்த்துவிடும். ஆரஞ்சு இருட்டுக்குள் ஒரு பச்சை ஓடை கீழ்நோக்கி வழியும். ஆனால் பார்வை மையத்தில் நூல் கனத்தில் நிற்கும் படலத்தின் மேல் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ட்ரிப்பின் முனை பட்டாலே கிழியலாம். கசிந்தாலும் கசியாவிட்டாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதான்: இமையை அழுத்தாமல், கண்ணை இறுக்கிக் கட்டாமல், கண்ணில் படாத ஷீல்டு மட்டும் போட்டு, இருமாமல் முக்காமல் குனியாமல் இருக்கச் சொல்லி அன்றே அனுப்புவது. உங்கள் தலைமை மருத்துவமனை போனில் சொன்னதும் அதுதானே.

இதற்கு நேரெதிரான ஏமாற்றும் ஒன்று உண்டு, ஆறிய புண் பச்சையாகத் தெரிவது. தோல் முழுவதும் மூடியிருக்கும், ஆனால் ஸ்ட்ரோமா தேய்ந்ததால் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். மழை நின்ற பிறகும் ரோட்டுக் குழியில் தண்ணீர் நிற்கிற மாதிரி அதில் சாயம் தேங்கும். இது குடித்த சாயம் இல்லை, நின்ற சாயம். சலைன் விட்டுக் கழுவினாலோ நாலு தடவை இமைத்தாலோ போய்விடும், ஸ்ட்ரோமா குடித்தது போகாது. அந்தச் சந்தேகம் வரும்போது கழுவுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். பச்சை இருக்கிறதே என்று மணிக்கொரு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் நீட்டினால், மருந்தே தோலைக் குத்திக் குத்திப் பொடிப் புள்ளிகளாகப் பச்சை காட்ட ஆரம்பிக்கும். அப்புறம் அதைப் பார்த்து இன்னும் மருந்து.

ஆறும் கடைசிக் கட்டத்தில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். மூன்று பக்கமிருந்து வந்த தோல் நடுவில் சந்திக்கும் தையல், கிளைவிட்ட கோடுபோல் பச்சை காட்டும். அதைப் பார்த்து ஹெர்ப்பிஸ் என்று எழுதிவிடாதீர்கள். ஹெர்ப்பிஸின் கிளைகள் நுனியில் குமிழிட்டு முடியும். இந்தத் தையல் குமிழில்லாமல் மெலிந்து முடியும், ஓரிரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போகும். அதே போல, பச்சையின் வடிவத்தை வைத்து இது பாக்டீரியா, இது பூஞ்சை என்று சொல்லச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இறகு ஓரமும் சுற்றிலும் சிதறிய குட்டித் திட்டுகளும் வெள்ளைப் படத்தில் பூஞ்சையைச் சந்தேகிக்க வைக்கும், ஆனால் தீர்ப்பு சுரண்டி எடுத்த ஸ்லைடில்தான்.

எனவே அடுத்த நோயாளியிலிருந்து மூன்று படங்கள் சேர்ந்ததையே ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சாயத்துக்கு முன் பரவலான வெள்ளை வெளிச்சத்தில் ஒன்று, மெல்லிய கீற்றில் புண்ணின் நடுவழியே ஒன்று, பிறகு நீலத்தில் ஒன்று. மூன்றுக்கும் ஜூம் ஒன்றாக இருக்கட்டும், கருவிழியின் இரண்டு ஓரமும் படத்துக்குள் விழட்டும். சாயம் போட்ட நேரத்தையும், அதற்கு முன் சுரண்டினார்களா என்பதையும் கீழே எழுதுங்கள்.

உங்கள் விவசாயி மறுபரிசோதனைக்கு வரும்போது பசையின் மேல் மெத்தென்ற பேண்டேஜ் லென்ஸ் இருக்கும். அவருக்கு மட்டும் பழக்கத்தில் ஸ்ட்ரிப்பை எடுத்துவிடாதீர்கள். அந்த லென்ஸே ஃபுளோரசினைக் குடித்துவிடும். கருவிழி முழுக்கப் பச்சையாக ஒரு படம் வரும், அதில் யாருக்கும் எதுவும் தெரியாது. லென்ஸைக் கழற்றிப் பார்ப்போமே என்றும் தோன்றலாம், அதோடு பசையும் பெயர்ந்து வந்துவிடும். வெள்ளை வெளிச்சத்திலும் கீற்றிலும் மட்டும் எடுங்கள். பசை இருந்த இடத்தில் இருக்கிறதா, அதன் ஓரத்தில் புதிதாக வெண்திட்டு வருகிறதா, கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே இடைவெளி முன்போல் இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி குறைந்து ஐரிஸ் முன்னால் ஒட்டி நின்றால் பசைக்கு அடியில் கசிகிறது என்று சந்தேகித்து, மாலை வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.